பார்லருக்கு கூகுள் ரிவ்யூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் 12 வருடமாகப் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறேன். நான்கு நாற்காலி, மூன்று பெண்கள் வேலைக்கு. தொழிலில் இருக்கும் தங்கைகள் போனிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே கூகுள் மேப்பில் வரும் ரிவ்யூவைப் பற்றித்தான். புதிதாக வருகிறவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பார்ப்பது அதைத்தான்.

அக்கா, ரிவ்யூ போடுங்கன்னு கஸ்டமர்கிட்ட கேட்கவே கூச்சமா இருக்கு. எப்போ, எப்படிக் கேட்கறது?

பெரும்பாலான கடைகளில் பில் போடும்போது கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் பர்ஸைத் திறந்து வைத்திருப்பார், ஆட்டோ வாசலில் நிற்கும், மனசு செலவான தொகையில் இருக்கும். "சரி, போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் அதோடு சரி.

நான் வேலைக்குத் தகுந்த மாதிரி நேரம் பார்த்துக் கேட்பேன். ஐப்ரோ, பேஷியல் என்றால் கண்ணாடியைப் பார்த்து அவர் முகம் மலர்கிற அந்த நிமிடத்திலேயே வாயால் சொல்லிவிடுவேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் லிங்க் போகும். ஹேர்கட் என்றால் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவேன். நாங்கள் டிரையர் வைத்து அனுப்பும்போது எந்தக் கட்டும் அழகாகத்தான் இருக்கும். வீட்டில் தலைக்குக் குளித்து, தானே சீவிப் பார்த்த பிறகுதான் அந்தக் கட் அவருக்குப் பொருந்துகிறதா என்பது தெரியும். கலர், ஸ்மூத்தனிங்கிலும் இதே கதைதான், முதல் வாஷ் முடியட்டும். கல்யாண மேக்கப்புக்கு ஒரு வாரமாவது பொறுங்கள். கல்யாண வீட்டில் யாருக்கும் போனைப் பார்க்க நேரம் இருக்காது. போட்டோக்கள் வந்து, சொந்தக்காரர்கள் "யார்கிட்ட மேக்கப் போட்டே?" என்று கேட்கத் தொடங்கிய பிறகு எழுதச் சொன்னால் மனசாரப் பத்து வரி எழுதுவார்கள்.

நான் அனுப்பும் செய்தி இவ்வளவுதான்: "வணக்கம்மா. கட் பண்ணின முடி வாஷ் பண்ணின பிறகு எப்படி இருக்கு? ஏதாவது சரி பண்ணணும்னா சொல்லுங்க, வாங்க, பார்த்துக்கலாம். நேரம் இருந்தா உங்க அனுபவத்தை இந்த லிங்க்ல எழுதுங்க, புதுசா வர்றவங்களுக்கு உதவியா இருக்கும்." முதலில் விசாரிப்பு, அதற்குப் பிறகுதான் லிங்க். "அஞ்சு ஸ்டார் போடுங்க" என்று நான் ஒருநாளும் கேட்பதில்லை, என்ன எழுத வேண்டும் என்றும் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லிக் கொடுத்து எழுதிய ரிவ்யூக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், படிப்பவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். ஒருவருக்கு ஒரு தடவை அனுப்பினால் போதும். நினைவூட்டல் அனுப்பினால் தொந்தரவுதான்.

அந்த லிங்க் எங்க கிடைக்கும்? கண்ணாடி பக்கத்துல ஒட்டறதுக்கு க்யூஆர் கோடு வேணும்னா?

கடைக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் எடுத்த அதே ஜிமெயிலில் இருந்துகொண்டு, கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தேடுங்கள். உரிமையாளருக்கு மட்டும் தெரியும் பட்டன்கள் மேலே வரும். அதில் "Ask for reviews" என்பதைத் தொட்டால் லிங்க்கும் க்யூஆர் கோடும் இரண்டுமே கிடைக்கும். லிங்க்கை வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் "குயிக் ரிப்ளை"யாகச் சேமித்து வையுங்கள். அப்போது கடையில் இருக்கும் பெண்களும் தப்பான லிங்க் அனுப்ப மாட்டார்கள்.

க்யூஆர் கோடு அட்டை வைக்கலாம், ஆனால் வாடிக்கையாளர் தன் சொந்த போனில், தன் சொந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். கடை டேப்லெட்டை நீட்டி "இதிலேயே போடுங்க" என்று சொல்லாதீர்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் அவர் உள்ளதை எழுத மாட்டார். ஒரே கருவியிலிருந்து வரிசையாக வரும் ரிவ்யூக்கள் பார்ப்பதற்கே போலி மாதிரி இருக்கும்.

பக்கத்துக் கடையில "ரிவ்யூ போட்டா ஐப்ரோ ஃப்ரீ"ன்னு போர்டு வச்சிருக்காங்க. நானும் வைக்கலாமா?

வேண்டாம். ரிவ்யூ எழுதுவதற்கோ, மாற்றுவதற்கோ, எடுப்பதற்கோ பணம், தள்ளுபடி, இலவச வேலை என எதைக் கொடுத்தாலும் கூகுள் விதிப்படி தவறு. நல்லதை எழுதினால் கொடுப்போம் என்றாலும், எதை எழுதினாலும் கொடுப்போம் என்றாலும் ஒன்றுதான். கண்டுபிடித்தால் அந்த ரிவ்யூக்களை எடுப்பார்கள். கொஞ்ச காலத்துக்குப் புது ரிவ்யூவே வராமல் பூட்டுவார்கள். இந்தக் கடையின் போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்று வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எச்சரிக்கையும் போட முடியும். அப்படி ஒரு வரி ஒரு பார்லரின் பெயருக்குக் கீழே இருந்தால் ஒரு தாய் தன் மகள் கல்யாண மேக்கப்புக்கு அங்கே முன்பணம் கொடுப்பாரா?

பலருக்குத் தெரியாத இன்னொரு தவறும் உண்டு. முதலில் "திருப்தியா?" என்று கேட்டு, "ஆமாம்" என்றவருக்கு மட்டும் கூகுள் லிங்க், "இல்லை" என்றவருக்குப் புகார்ப் படிவம் அனுப்புவது. இப்படிச் சலித்து எடுப்பதும் விதிமீறல்தான். என் செய்தியில் விசாரிப்பு முதலில் வந்தாலும், லிங்க் எல்லாருக்கும் அதே செய்தியிலேயே போய்விடுகிறது, அவர் என்ன பதில் சொல்கிறார் என்று நான் காத்திருப்பதில்லை.

2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைவனம் இணைய ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையைக் கொண்டு வந்தது. ரிவ்யூக்களைத் திரட்டி வெளியிடும் தளங்களுக்கானது அது, விரும்பிப் பின்பற்றும் முறையில்தான் வந்தது. காசு கொடுத்து எழுத வைக்கும் ரிவ்யூவை அதுவும் ஏற்பதில்லை.

கஸ்டமர் போட்டதா காட்டறாங்க, ஆனா என் பக்கத்துல தெரியல. சிலது வந்துட்டுக் காணாமப் போகுது. ஏன்?

கூகுளின் தானியங்கி வடிகட்டி பிடித்திருக்கும். வேலை செய்யும் பெண்கள், வீட்டார் எழுதியது, பல மாதம் ஒன்றும் இல்லாமல் ஒரே நாளில் இருபது வந்தது, ஒரே வாசகத்தைப் பலர் ஒட்டியது எல்லாம் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். சில நேரம் உண்மையான ரிவ்யூவும் மாட்டிக்கொள்ளும், அதற்கு நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று நிதானமாக வரும்படி கேட்டு வந்தால் இந்தச் சிக்கல் குறையும்.

நல்லா எழுதினவங்களுக்கும் பதில் போடணுமா?

போடுங்கள், இரண்டு வரி போதும். "தேங்க்யூ மேம், விசிட் அகெய்ன்" என்று நாற்பது பேருக்கும் ஒரே பதிலை ஒட்டுவதைவிடச் சும்மா இருக்கலாம். அவர் எழுதியதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள். "குழந்தை அழாம முடி வெட்டினாங்க" என்று எழுதியிருந்தால், குழந்தையைப் பற்றியே பேசுங்கள். தமிழில் எழுதியவருக்குத் தமிழிலேயே எழுதுங்கள்.

ஒருத்தங்க ஒரு ஸ்டார் போட்டு, நடந்ததை மறைச்சு அநியாயமா எழுதிட்டாங்க. ராத்திரி தூக்கமே வரல. என்ன பதில் எழுதறது?

முதலில், அன்று இரவு எதுவும் எழுதாதீர்கள். மறுநாள் எழுதினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. எனக்கு நடந்ததையே முழுசாகச் சொல்கிறேன், என்ன செய்தேன் என்பது அதிலேயே இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை ஒரு வாடிக்கையாளர் போனில் ஒரு படத்தைக் காட்டி, அந்தச் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் ஹைலைட்ஸ் வேண்டும் என்றார். தலையில் இரண்டு வருடமாகப் பாக்கெட் கருப்பு டை. டை ஏறிய முடியின் மேல் வெளிர் கலரைப் போட்டால் அது வெளுக்காது. ப்ளீச் போட்டுத்தான் பழைய நிறத்தை எடுக்க வேண்டும், அப்படி எடுக்கும்போது நடுவில் செம்பு நிறம் வந்தே தீரும். படத்தில் இருக்கும் நிறத்துக்குப் போக இரண்டு மூன்று முறை, இடையில் சில வாரங்கள் வேண்டும். இதை எல்லாம் சொன்னேன். "விசேஷத்துக்கு வேணும், இன்னைக்கே பண்ணிடுங்க, வர்ற அளவு வரட்டும்" என்றார். கார்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். செம்பு கலந்த பழுப்பு வந்தது. சிரித்த முகமாகத்தான் போனார். நான்கு நாள் கழித்து இது வந்தது:

"3800 வாங்கிட்டு போட்டோல காட்டின கலர் வரவே இல்ல. செம்பட்டையா ஆயிடுச்சு. முடி வைக்கோல் மாதிரி இருக்கு. கேட்டா திமிரா பேசறாங்க. யாரும் போகாதீங்க."

எனக்குக் கை நடுங்கியது. உடனே போனிலேயே ஒரு பதில் அடித்தேன்: "மேடம், உங்க தலையில ரெண்டு வருஷ கருப்பு டை இருந்தது. வராதுன்னு சொல்லியும் நீங்கதான் போடச் சொன்னீங்க. கையெழுத்துப் போட்ட கார்டு என்கிட்ட இருக்கு." ஒவ்வொரு சொல்லும் உண்மை. நல்லவேளையாக அனுப்பவில்லை.

காலையில் ஒரு தாளை எடுத்து அவர் சொன்னவற்றைத் தனித்தனியாக எழுதினேன். கலர் வரவில்லை என்பது உண்மை, ஆனால் வராது என்று சொன்னதை மறைத்திருக்கிறார். முடி வறண்டிருக்கிறது என்பதும் நடக்கக்கூடியதே, ப்ளீச் போட்ட முடி வறளும். "யாரும் போகாதீங்க" என்பது அவருடைய கருத்து. மிச்சம் இருந்தது "திமிரா பேசறாங்க" மட்டும். நான் அவரிடம் பேசவே இல்லையே என்று கடைப் பெண்களை விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்திருக்கிறார். கூட்ட நேரத்தில் எடுத்த பெண் "அதான் முன்னாடியே சொன்னோமே" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவருக்குக் கோபம் வந்தது கலருக்காக அல்ல, அந்த போனுக்காக. அநியாயமான ரிவ்யூ என்று நான் பொருமிக்கொண்டிருந்ததற்குள் எங்கள் தப்பு ஒன்று இருந்தது. உங்களுக்கு வந்ததையும் இப்படி வரி வரியாகப் பிரித்துப் பாருங்கள், கடைப் பெண்களைத் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் உண்மை வராது.

பிறகு எழுதியது இது:

"வணக்கம். எதிர்பார்த்த நிறம் கிடைக்காதது எங்களுக்கும் வருத்தம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அழைத்தபோது எங்கள் பக்கம் பொறுமையாகப் பேசவில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே கலர் செய்த முடியில் வெளிர் நிறம் ஒரே முறையில் வராது, செம்பு கலந்தே வரும் என்பதை நாங்கள் வேலை தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம். இந்த வாரம் உங்களுக்கு வசதியான நாளில் வாருங்கள், நானே பார்க்கிறேன். கடை எண்ணுக்கு அழைத்து உரிமையாளரைக் கேளுங்கள்."

எங்கள் தப்பை முதலில் ஒப்புக்கொண்டேன், எந்தத் தப்பு என்று பெயர் சொல்லி ஒப்புக்கொண்டேன். "ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்" என்று மழுப்பினால் அது மன்னிப்பு ஆகாது. அடுத்து, கலர் பற்றிய உண்மையை அவர் தலையின் மேல் வைத்துச் சொல்லாமல், எங்கள் கடை வழக்கமாகச் சொன்னேன். அவர் இரண்டு வருடம் டை போட்டார் என்பது அவருடைய சொந்த விஷயம், ஊருக்கு முன் எடுத்துப் போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அடுத்து கலர் செய்ய வரப்போகும் பெண் படித்தால், இந்தக் கடை முன்பே எச்சரிக்கிறது என்று புரிந்துகொள்வார். இந்தப் பதிலை நான் எழுதியதே அவருக்காகத்தான். கடைசியில், சரி செய்ய ஒரு வழி, யாரைக் கேட்க வேண்டும் என்பதோடு. பணம், கையெழுத்து, கார்டு என்ற பேச்சே இல்லை.

உரிமையாளர் பதில் போட்டால் எழுதியவருக்கு கூகுள் தெரிவிக்கும். மூன்றாம் நாள் அவரே அழைத்தார். வந்தபோது செம்பு நிறத்தை அமர்த்த நீலச் சாயல் உள்ள டோனர் போட்டு, வறட்சிக்கு ஹேர் மாஸ்க் செய்து, வீட்டில் என்ன ஷாம்பு போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ரிவ்யூ என்ற சொல்லை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அது மூன்று ஸ்டாராக மாறியிருந்தது: "கலர் சரி பண்ணிக் கொடுத்தாங்க. போன்ல பேசறவங்க இன்னும் நல்லா பேசணும்." ஐந்து ஆகவில்லை. அதுதான் நியாயமும்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கலர், ஸ்மூத்தனிங் வேலை தொடங்கும் முன் பேசியதை, நடுவில் வரக்கூடிய நிறம் உட்பட, வாடிக்கையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் "ஓகே" போட்ட பிறகுதான் பிரஷ்ஷை எடுப்போம். கையெழுத்துப் போட்ட கார்டு என் மேசைக்குள் இருந்தது, அவர் அதை மறந்துவிட்டார். செய்தி அவர் போனிலேயே இருக்கும்.

கஸ்டமர் தப்பா சொல்றதை மறுத்து, நடந்ததை அப்படியே எழுதினா என்ன தப்பு? உண்மைதானே?

பார்லர் நாற்காலியில் உட்காருபவர் உடம்பைப் பற்றிய பல விஷயங்களை நம்பி நம்மிடம் விடுகிறார். பேன், பொடுகு, முடி கொட்டுவது, மாத்திரை சாப்பிடுவது, கர்ப்பம் எல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். ஒரு கடையின் பதிலில் "உங்க தலையில பேன் இருந்ததாலதான் லேட் ஆச்சு" என்று உரிமையாளரே எழுதியதைப் பார்த்திருக்கிறேன். தாமதத்துக்கு அது சரியான காரணமாகவே இருக்கட்டும். அதைப் படிக்கும் ஒவ்வொரு பெண்ணும் நாளைக்கு என்னைப் பற்றியும் இப்படி எழுதுவார்கள் என்றுதான் நினைப்பாள். முழுப் பெயர், போன் எண், பில், முன் பின் எடுத்த போட்டோ எதையும் பதிலில் போடாதீர்கள். மறுக்க வேண்டியதைக் கடையின் வழக்கமாகச் சொல்லுங்கள், மேலே நான் கலர் விஷயத்தில் செய்த மாதிரி.

எழுதினவங்க நம்ம கடைக்கு வந்ததே இல்ல. அதை எப்படி நீக்கறது?

வரவில்லை என்று முடிவு கட்டும் முன் நன்றாகத் தேடுங்கள். கூகுள் பெயர் வேறாக இருக்கும், கணவர் கணக்கிலோ மகள் கணக்கிலோ எழுதுவார்கள். அப்பாயின்ட்மென்ட் நோட்டில் அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் பாருங்கள். அவர் பெயரைத் தொட்டால் அவர் வெளியில் காட்டியிருக்கும் மற்ற ரிவ்யூக்கள் தெரியும். ஒரே நாளில் நான்கு ஊர்ப் பார்லர்களுக்கு ஒரு ஸ்டார், ஒரே ஒரு கடைக்கு மட்டும் ஐந்து என்று இருந்தால் கதை புரிந்துவிடும்.

புகார் செய்ய, அந்த ரிவ்யூ பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு "Report review" கொடுங்கள். காரணம் கேட்கும், அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கோபத்தில் கைக்கு வந்ததைத் தொடாமல், விதியில் எதை மீறுகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். போட்டிக் கடைக்காரரோ, உங்களிடம் வேலை பார்த்து நின்றவரோ எழுதியிருந்தால் "Conflict of interest". கெட்ட வார்த்தை, சாதியைச் சொல்லித் திட்டுவது, கடைப் பெண்ணின் போன் எண்ணைப் போடுவது எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் அங்கே இருக்கின்றன. இவை நீங்க வாய்ப்பு அதிகம். "விலை அதிகம்", "நல்லாவே இல்ல" போன்றவை நீங்காது. நீங்கள் சொல்வது உண்மையா, அவர் சொல்வது உண்மையா என்ற வழக்கில் கூகுள் தலையிடுவதில்லை. என் ஹைலைட்ஸ் ரிவ்யூவை நான் புகார் செய்யாததற்குக் காரணம் அதுதான்.

முடிவு வரப் பல நாள் ஆகலாம். உங்கள் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கூகுளின் ரிவ்யூ மேலாண்மைக் கருவியில் பார்க்கலாம். விதிமீறல் இல்லை என்று வந்தால் அங்கிருந்தே மேல்முறையீடு செய்யலாம், ஒருமுறைதான். வீட்டில் உள்ள எல்லாருடைய போனிலிருந்தும் புகார் கொடுக்காதீர்கள், எண்ணிக்கையைப் பார்த்து முடிவு மாறாது.

எனக்கு ஒரு தடவை, "முகூர்த்தத்துக்கு மேக்கப் போட வர்றேன்னு சொல்லி ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தாங்க" என்று ஒரு ஸ்டார் வந்தது. அந்தத் தேதியில் எனக்குக் கல்யாண வேலையே இல்லை. புகார் செய்தேன், விதிமீறல் இல்லை என்று வந்தது. மேல்முறையீட்டிலும் அதேதான். ஆனால் புகார் செய்த அன்றே ஒரு பதிலும் போட்டிருந்தேன்: "கல்யாண நாளில் இப்படி ஆனது எவ்வளவு வேதனை என்பது எங்களுக்குப் புரிகிறது. அந்தத் தேதியில் நாங்கள் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. இதே போன்ற பெயரில் நகரில் வேறு பார்லரும் இருக்கிறது, ஒருமுறை சரிபார்க்க முடியுமா?" சில நாளில் அந்த ரிவ்யூ தானாகக் காணாமல் போனது, எழுதியவரே எடுத்திருக்கிறார். அவரைப் பொய்யர் என்று எழுதியிருந்தால் எடுத்திருக்க மாட்டார். அதனால் புகாரின் முடிவுக்காகக் காத்திருக்காமல் பதிலையும் சேர்த்தே போடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு, ரிவ்யூவை எடுத்துடுங்கன்னு கேட்கலாமா?

இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். வேலையில் குறை இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது மறுபடி செய்து கொடுங்கள். அது அந்த வேலைக்கான நியாயம். "எடுத்தால்தான் தருவேன்" என்று சொன்ன அந்த நிமிடத்தில் அது ரிவ்யூவை எடுப்பதற்குக் கொடுக்கும் காசு ஆகிவிடுகிறது, விதிமீறலும் ஆகிறது. அதோடு உங்கள் வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ரிவ்யூவில் போட்டுவிட்டால் அப்புறம் எந்தப் பதிலாலும் மீட்க முடியாது. குறை சரியானால் பலர் தாங்களே மாற்றி எழுதுகிறார்கள், சிலர் மாற்றுவதில்லை.

தெரியாத நம்பர்ல இருந்து, காசு அனுப்பினா ஒரு ஸ்டாரை எல்லாம் எடுத்துடறேன்னு மெசேஜ் வருது. என்ன பண்றது?

காசு அனுப்பாதீர்கள், வாக்குவாதமும் செய்யாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடி வருவார்கள். செய்தி, எண், ரிவ்யூ வந்த தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ரிவ்யூவையும் கூகுளில் புகார் செய்யுங்கள். cybercrime.gov.in தளத்தில் புகார் பதிவு செய்யலாம். ஏற்கெனவே காசு அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். "மாசம் இவ்வளவு கொடுங்க, ஐம்பது அஞ்சு ஸ்டார் போட்டுத் தர்றோம்" என்று வருகிறவர்களுக்கும் பதில் சொல்லாமல் பிளாக் செய்துவிடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

அவதூறுக்குச் சட்டம் இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. ஆனால் கலர் பிடிக்கவில்லை, பேசிய விதம் பிடிக்கவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியதற்கு அதைத் தூக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நோட்டீஸ் போனால் அதைப் படம் எடுத்துப் போடுவார், உறவினர்கள் பத்துப் பேர் ஒரு ஸ்டார் போடுவார்கள். கடையில் தப்பான தொழில் நடக்கிறது என்பது போன்ற அபாண்டமான பொய்யை, அங்கே வேலை பார்க்கும் பெண்களின் மானத்தைத் தொடும்படி யாராவது எழுதினால் அது வேறு. அதற்குத் தயங்காமல் வக்கீலைப் பாருங்கள், ரிவ்யூ மறைவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு.

ஒரே ஒரு ஒரு ஸ்டார்தான் வந்தது, 4.8 இருந்தது 4.7 ஆயிடுச்சு. திரும்ப ஏத்த எத்தனை வேணும்?

உங்களுக்கு 40 ரிவ்யூ, சராசரி 4.8 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 192 ஸ்டார். ஒன்று சேர்ந்தால் 193, அதை 41 பேருக்கு வகுத்தால் 4.7. இனி வரும் ஏழு ரிவ்யூ ஐந்து ஸ்டாராக இருந்தால் மறுபடி 4.8 காட்டும். இதே ஒரு ஸ்டார் 150 ரிவ்யூ உள்ள கடைக்கு வந்திருந்தால் 4.8 அசைந்தே இருக்காது. எட்டே ரிவ்யூ உள்ள புதுக் கடைக்கு, எட்டும் ஐந்து ஸ்டாராக இருந்தாலும், ஒரே அடியில் 4.6 ஆகிவிடும். கடை திறந்த முதல் ஆறு மாதத்தில் கேட்கக் கூச்சப்படாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். அந்த ஏழு ரிவ்யூவை ஒரே நாளில் சொந்தக்காரர்களிடம் வாங்கிவிட நினைக்காதீர்கள். வழக்கம்போல் வருகிறவர்களிடம் கேட்டாலே இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும்.

ஒண்ணுமே எழுதாம வெறும் ஒரு ஸ்டார் மட்டும் போட்டிருக்காங்க. இதுக்கும் பதில் போடணுமா?

ஒரே ஒருமுறை, சுருக்கமாக: "வணக்கம். எதில் குறை என்று தெரிந்தால் சரி செய்ய முடியும். கடை எண்ணுக்கு அழைத்து உரிமையாளரைக் கேளுங்கள்." நோட்டில் அந்தப் பெயர் இருந்தால் நானே போன் செய்து விசாரிப்பேன், ரிவ்யூவைப் பற்றி அல்ல, அன்று செய்த வேலை எப்படி இருக்கிறது என்று. ஒரு அம்மாவிடம் அப்படிக் கேட்டபோது, ஒரு ஸ்டார் என்றால் முதல் தரம் என்று நினைத்துப் போட்டதாகச் சொன்னார். அவரே பேரனைக் கூப்பிட்டு மாற்றிவிட்டார்.